பெருவிரல்

வாழைச்சேனையில் ஏறியதிலிருந்து கிரான் தாண்டும்வரை நான் போனில் சிங்களத்தில் கத்திக்கொண்டே வந்தேன். பொலன்னறுவையிலிருந்து வரவேண்டிய கோப்பு ஒன்று மூன்று வாரமாக வரவில்லை. போனை வைத்ததும் பக்கத்து சீற்றில் இருந்த கிழவர் மெல்லச் சரிந்து கேட்டார்.

"புள்ள, சிங்களம் வாசிக்கவும் வருமா, பேச மட்டுந்தானா?"

"வாசிப்பன் ஐயா."

"எந்த ஊரு நீங்க?"

களுவாஞ்சிகுடி என்றேன். தனக்குத் தெரிந்தவர்களுடைய ஊர் இல்லை என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். வயது எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். மடியில் கிளினிக் கொப்பி, அதற்குள் பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு போட்டோ. மனிதர்கள் யாரும் இல்லாத போட்டோ. ஒரு தபாலட்டையை யாரோ கையில் பிடித்திருக்க, இன்னொரு கையால் எடுத்தது. அட்டை நிறைய நீல மையில் சிங்கள எழுத்து. வலப்பக்க ஓரத்தில் அட்டையைப் பிடித்திருந்த பெருவிரல், நகம் வெட்டாமல், பெரிதாக.

"இத வாசிச்சித் தமிழில சொல்லணும். மெதுவா, எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி."

என் சிங்களம் உத்தியோகத்துக்காக இரண்டாம் மொழிப் பரீட்சை எழுதிப் பெற்றது. அச்செழுத்து பிரச்சினையில்லை. கையெழுத்து வேறு விஷயம், அதில் 'ந'வும் 'த'வும் அண்ணன் தம்பி போல இருக்கும். போட்டோவை என் போனில் எடுத்துப் பெரிதாக்கினேன். திரையில் விரல் வைத்து விரித்தபோது கிழவர் பதறிப்போனார், எழுத்து அழிந்துவிடுமோ என்று.

மேலே திகதி: 1978, டிசம்பர் 4. புயல் அடித்துப் பதினொரு நாள் கழித்து. நவம்பர் 23 புயலைப் பற்றிக் கேட்டே வளர்ந்த ஊர் எங்களுடையது. தென்னை முறிந்து விழுந்த கணக்கில்தான் எங்கள் அம்மம்மா யாருடைய வயதையும் சொல்லுவா.

"அனே மஸ்ஸினே என்று தொடங்கியிருக்கு, ஐயா. மச்சினன் என்று கூப்பிடுறார்."

"ஓம், அப்பிடித்தான் கூப்பிடுவான்." அவர் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "மாத்தறப் பக்கத்து ஆள். அங்கால கடல் கொந்தளிக்கிற காலத்தில கல்குடாவுக்கு வருவானுகள். சித்திர முடிய வந்து வாடி போட்டா, மாரி தொடங்கக்குள்ள போவானுகள். மூணு வரிசம் வந்தவன்."

வாடி என்ற சொல் அட்டையிலும் இருந்தது. அவர்களுக்கும் அது வாடிதான்.

நான் வரி வரியாகச் சொன்னேன். ரேடியோவில் கேட்டோம். மட்டக்களப்பு முழுவதும் அழிந்ததாகச் சொல்கிறார்கள். நீ உயிரோடு இருக்கிறாயா, நங்கியும் பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறார்களா, ஒரு வரி எழுதிப் போடு. வாடி போயிருக்கும், அது போகட்டும், ஓலைதானே. உன் வீட்டில் வைத்துவிட்டு வந்த எஞ்சின்...

கிழவரின் கை முன் சீற்றுக் கம்பியை இறுக்கிப் பிடித்தது. நான் நிறுத்தினேன்.

"வாசி புள்ள. அண்டைக்கும் இதிலதான் நிப்பாட்டினது."

அட்டை வந்த அன்று சந்திப் பேக்கரி முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாராம். பாண் வாங்க வரிசையில் சனம். முதலாளி உரக்க வாசித்துத் தமிழில் சொன்னாராம். எஞ்சின் என்ற சொல் வந்ததும் இவர் அட்டையைப் பறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏன் ஐயா?"

"வித்துப்போட்டன்." குரலே எழவில்லை. "புயலடிச்சி நாலாம் நாள். கூரையில்ல, மூணு புள்ளயள், சின்னவனுக்குக் காய்ச்சல். ஒரு யாவாரி வந்தான். ஒரு மூடை அரிசியும் கொஞ்சக் காசும். எஞ்சினுக்கு அது காணாது எண்டு எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்."

அதற்குப் பிறகு அட்டையைத் தகரப் பெட்டிக்குள் போட்டவர் வெளியே எடுக்கவில்லை. 2003 இல், சண்டை ஓய்ந்திருந்த நேரம், சுவிஸிலிருந்து வந்த மருமகன் வீட்டில் கண்டதையெல்லாம் போட்டோ எடுத்தான். பெட்டியையும் கிளறியிருக்கிறான். பிரதி ஒன்று சித்தாண்டியில் அக்கா வீட்டில் கிடந்தது. அடுத்த வருசக் கடைசியில் கடல் வந்து பெட்டியையும் வீட்டையும் கொண்டு போனது. பொஞ்சாதியையும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட இடத்தில் நானாக விளங்கிக்கொண்டேன்.

சரி, அந்த வரி. எஞ்சினைப் பற்றி யோசிக்காதே, உயிர்தான் பெரிது என்று நன்றாகவே தெளிவாக இருந்தது. அதை இரண்டு தரம் சொல்லச் சொன்னார். அடுத்தது, கஷ்டம் என்றால் எஞ்சினை, அதற்குப் பிறகு 'விகுணன்ன'.

"வித்துப்போடு என்று எழுதியிருக்கு ஐயா!" எனக்கே சந்தோசமாகிவிட்டது. பஸ் வந்தாறுமூலையில் நின்று கம்பஸ் பிள்ளைகள் ஏறினார்கள். கிழவர் அசையவில்லை.

"விகுணன்னவோட முடியுதா?"

பார்த்தேன். முடியவில்லை. அந்தச் சொல்லை ஒட்டியே மருமகனின் பெருவிரல் தொடங்குகிறது.

"பிறகால எபா இரிக்கா, புள்ள?"

வாடியில் மூன்று வருசம் பழகியவருக்கு அந்த ஒரு சொல் போதும். விகுணன்ன என்றால் விற்றுவிடு. விகுணன்ன எபா என்றால் விற்காதே. தமிழைப் போலத்தான், வேண்டாம் என்பது கடைசியில்தான் வரும். நான் திரையை விரித்தேன், இன்னும் விரித்தேன். நகத்தின் ஓரத்தில் ஒரு நீலப் பொட்டு தெரிந்தது. முற்றுப்புள்ளியாக இருக்கலாம். அடுத்த எழுத்தின் முனையாகவும் இருக்கலாம். நகத்து ஊத்தையாகவும் இருக்கலாம்.

"தெரியல்ல ஐயா. விரல் மறைச்சிருக்கு."

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிசம் வாய்வரை வந்தது. ஆனால் அந்த மனிதர் என் முகத்தையல்ல, என் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போட்டோவை வாங்கி அந்த விரலை நகத்தால் சுரண்டினார், ஒரு தரம், இரண்டு தரம். பிறகு தானே சிரித்துக்கொண்டார்.

"கீழ என்ன இரிக்கி?"

"சித்திரைக்கு வருவேன், வந்து பேசுவோம். அவ்வளவுதான். பேர் எழுதியிருக்கு."

"வந்தவன்."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"எழுபத்தொம்பது சித்திர. தூரத்தில கண்டுட்டன். பின்னால பத்தைக்குள்ள போய்ப் படுத்துக் கிடந்தன், பொழுது படுமட்டும். பொஞ்சாதிதான் நிண்டவள். புயல் கொண்டு போயித்து எண்டு சொல்லியிருக்கிறாள்."

"அவர் என்ன சொன்னவராம்?"

செங்கலடி வந்துவிட்டது. கிழவர் போட்டோவைப் பொலித்தீனில் சுற்றி, கிளினிக் கொப்பிக்குள் வைத்து, எழும்பி நின்று ஒரு கையால் கம்பியைப் பிடித்தார்.

"ஒண்டும் சொல்லல்லயாம். கித்துள் கருப்பட்டி கொண்டு வந்தவன், அதப் புள்ளயளுக்குக் குடுத்தவன். மறுகா தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சவனாம். ரெண்டு செம்பு."

கண்டக்டர் கதவைத் தட்டி அவசரப்படுத்தினான். கிழவர் படியில் கவனமாகக் கால் வைத்து இறங்கினார்.