40 கடைக்கு மாவு போடுவது பற்றி

அண்ணே, வணக்கம்.

ஒன்றாம் தேதியிலிருந்து 40 கடைக்கும் மாவு பாக்கெட் போடலாம் என்று நேற்று சொன்னீர்கள். கடைக்காரர்களிடம் நீங்கள் சம்பாதித்த பேர் பெரிது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரேயடியாக இறங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

கடைக்கு 15 வீதம் நாளுக்கு 600 பாக்கெட். பத்தில் ஒன்று திரும்பினாலே 60. அடக்கம் 30 ரூபாய் என்று வைத்தாலும் தினம் 1,800 ரூபாய் போகும். மாவு என்பது எண்ணெய், சோப்பு மாதிரி இல்லை, பாக்கெட்டுக்குள்ளும் புளித்துக்கொண்டே இருக்கும். நிறைய கடைகளில் ராத்திரி ஃப்ரிட்ஜை அணைத்துவிடுகிறார்கள். காலையில் பாக்கெட் உப்பி, ஓர ஒட்டு விட்டு ஒழுகும். வாங்குகிறவர் கடையைத் திட்டமாட்டார், நம் லேபிளைத்தான் பார்ப்பார். இன்னொன்று, 200 கிலோ அரைக்கும் கிரைண்டரை 600 பாக்கெட்டுக்கு இடைவிடாமல் ஓட்டினால் கல் சூடேறி மாவு சீக்கிரம் புளிக்கும்.

அதனால் முதலில் 6 கடை, கடைக்கு 8 பாக்கெட், 14 நாள் பார்ப்போம். ராத்திரி ஃப்ரிட்ஜ் ஓடும் கடை மூன்று, அணைக்கும் கடை மூன்று. அரைத்ததும் புளிக்கவிடாமல் 4 டிகிரியில் குளிரவைத்துப் பாக்கெட் போடுவோம். திரும்புவதை எந்தக் கடை, எத்தனையாவது நாள், உப்பலா ஒழுகலா என்று நான் நோட்டில் எழுதுகிறேன். மொத்தம் 672-ல் 33-க்குள் திரும்பினால் 15 கடைக்குப் போவோம், நானே முன்நின்று செய்கிறேன்.

கடைகளை நீங்களே தேர்ந்தெடுங்கள். நாளை மாவு இறக்கி முடித்ததும் பேசலாமா அண்ணே?