சரியா, தவறா? தொடர்புப் போக்கு: முதலாமாண்டுப் புள்ளியியல்

முதலில் நோட்டில் ச அல்லது த என்று குறித்துவிடுங்கள், அப்புறம் விளக்கத்துக்குப் போங்கள். முதல் மூன்று கூற்றுகளுக்கும் ஒரே கணக்குதான். ராயக்கோட்டை தக்காளி மண்டியில் ஒரு நாள் வரத்து x கிரேட், ஒரு கிரேட் விலை y ரூபாய். கோடு y = 620 − 0.4x, r = −0.8. தரவில் x 300 முதல் 900 வரை. எண்கள் பயிற்சிக்காக வைத்தவை. மண்டிக்குப் போய் இந்த விலை கேட்காதீர்கள்.

1. கோடு கிடைத்துவிட்டால் எந்த வரத்துக்கும் விலை சொல்லிவிடலாம்.
தவறு. 1,600 கிரேட் வந்தால் கோடு சொல்லும் விலை −20 ரூபாய். தக்காளியையும் கொடுத்து காசும் கொடுக்கும் விவசாயி பாலக்கோட்டில்கூட கிடையாது. 300–900க்கு வெளியே இந்தக் கோட்டுக்கு உத்தரவாதம் இல்லை. 620-ஐ 'வரத்தே இல்லாத நாளின் விலை' என்று எழுதுவதும் இதே தப்புதான்.

2. விலையின் மாறுபாட்டில் 80 சதவீதத்தைக் கோடு விளக்குகிறது.
தவறு. வர்க்கப்படுத்துங்கள்: 64 சதவீதம்.

3. விலையிலிருந்து வரத்தைக் கணிக்க, அதே சமன்பாட்டைத் திருப்பிப் போட்டால் போதும்.
தவறு. விடைத்தாள்களில் அதிகம் அடிவாங்கும் இடம் இது. திருப்பிப் போட்டால் சாய்வு −2.5 வரும். உண்மையில், இரண்டு சாய்வுகளின் பெருக்குத்தொகை r², அதாவது 0.64, ஆகவே x-க்கான கோட்டின் சாய்வு −1.6. முதல் கோடு செங்குத்துப் பிழைகளின் வர்க்கங்களைக் குறைக்கிறது, இரண்டாவது கிடைமட்டப் பிழைகளின் வர்க்கங்களை. r ±1 ஆனால் மட்டுமே இரண்டும் ஒரே கோடு.

4. y = a + bx + cx² என்பதும் நேரியல் மாதிரிதான்.
சரி. வரைபடம் வளைந்தால் என்ன? a, b, c மூன்றும் நேரியலாகத்தானே வருகின்றன.

5. r = 0 என்றால் x, y இடையே உறவே இல்லை.
தவறு. x = −2, −1, 0, 1, 2 என்று வைத்து y = x² போடுங்கள். முழு உறவு இருக்கிறது, r மட்டும் பூஜ்யம்.

6. முதல் இன்டர்னலில் கடைசி பத்து பேருக்குத் தனி வகுப்பு எடுத்தோம். இரண்டாவதில் அவர்களின் சராசரி ஏறியது. ஆகவே வகுப்பு பலித்தது.
தவறு. வகுப்பு பயன்பட்டிருக்கலாம், ஆனால் இந்தத் தரவு அதைக் காட்டவில்லை. கடைசியில் வந்தவர்களில் சிலருக்கு அன்று காய்ச்சல், சிலருக்கு அரூர் பஸ் லேட். அந்தக் கெட்ட நேரம் அடுத்த தேர்விலும் அதே பத்து பேரைத் தேடி வராது. வகுப்பே எடுக்காவிட்டாலும் சராசரி கொஞ்சம் ஏறும். முதல் பத்து இடக்காரர்களின் சராசரி இறங்குவதும் இதனால்தான், அவர்களைத் திட்டாதீர்கள். உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவ்வளவு உயரம் இல்லை என்று கால்டன் 1886-இல் காட்டியதும் இதைத்தான். தனி வகுப்பைச் சோதிக்க வேண்டுமா? கடைசி இருபது பேரில் பத்து பேரைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, மீதிப் பத்து பேரோடு ஒப்பிடுங்கள்.

7. இன்னொரு மாறியைச் சேர்த்ததும் R² கூடியது, ஆகவே மாதிரி மேம்பட்டது.
தவறு. உங்கள் ரோல் நம்பரைச் சேர்த்தாலும் R² குறையாது.