பாட்டி காலம், அம்மா காலம், என் காலம்: வகுப்புத் தேர்வு

நான்காம் வகுப்பு, சமூக அறிவியல். மொத்தம் 25 மதிப்பெண். முதல் பகுதியை வகுப்பிலேயே 40 நிமிடத்தில் எழுத வேண்டும். மற்ற இரண்டும் வீட்டுக்கு. திங்கட்கிழமை கொண்டுவந்தால் போதும்.

பிள்ளைகளே, முதலில் இதைப் படியுங்கள். என் வீட்டுக் கதைதான்.

என் பாட்டி ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டுவார். ஒரு கை குழவியைச் சுற்றும், இன்னொரு கை மாவைக் குழிக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். அரிசி, உளுந்து இரண்டும் ஆட்டி முடிக்க ஒரு சாயங்காலமே போய்விடும். அதனால் எங்கள் வீட்டில் தீபாவளி, பொங்கலுக்குத்தான் இட்லி. மற்ற நாள் காலையில் பழைய சோறு. அம்மா காலத்தில் கிரைண்டர் வந்தது. வாரம் ஒருமுறை ஆட்டுவார். நடுவில் கரண்ட் போனால் பாதி மாவோடு உட்கார்ந்திருப்பார். நானோ கடையில் பாக்கெட் மாவு வாங்குகிறேன். பாட்டிக்குத் தெரிந்தால் திட்டுவார்!

பாட்டி காலத்தில் செய்தி என்றால் கடிதம். அவசரம் என்றால் தந்தி. தபால்காரர் தந்தி என்று சொன்னதுமே, பிரித்துப் படிக்கும் முன்பே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். (2013 ஜூலையோடு தந்தி நின்றுபோனது.) அம்மா எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நிற்பார். இரவில் கட்டணம் குறைவு என்று சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். நான் இப்போது வீடியோ காலில் பேசுகிறேன்.

பாட்டி கடைசிவரை ‘நாலணா’, ‘எட்டணா’ என்றுதான் சொன்னார். அவர் சிறுமியாக இருந்தபோது ஒரு ரூபாய்க்கு 16 அணா. 1957 ஏப்ரல் 1 முதல் ஒரு ரூபாய்க்கு 100 பைசா என்று ஆனது.

பகுதி அ (12 மதிப்பெண்)

1. பாட்டி வீட்டில் பண்டிகைக்கு மட்டும் ஏன் இட்லி சுட்டார்கள்? (2)
2. எட்டணா என்றால் கால் ரூபாயா, அரை ரூபாயா? எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றும் எழுதுங்கள். (2)
3. தந்தியைப் படிக்கும் முன்பே ஏன் அழுதார்கள்? (2)
4. அரிக்கேன் விளக்கு, அம்மி, இன்லண்ட் லெட்டர், டேப் ரெக்கார்டர், சைக்கிள், ஸ்மார்ட்போன். இவற்றில் எது பாட்டி காலம், எது அம்மா காலம், எது உங்கள் காலம்? ஒரு பொருள் இரண்டு மூன்று காலத்துக்கும் வரலாம். சைக்கிளை எங்கே போடுவது என்று பக்கத்துப் பிள்ளையோடு சண்டை வேண்டாம். (6)

பகுதி ஆ (8 மதிப்பெண்)

வீட்டில் வயதான ஒருவரிடமும், அப்பா அல்லது அம்மாவிடமும் போய் உட்காருங்கள். தாத்தா பாட்டி ஊரில் இருந்தால் போனில் கேளுங்கள். அவர்கள் இல்லை என்றால் பக்கத்து வீட்டு ஆயாவிடமோ பெரியவரிடமோ கேட்கலாம், அதற்கும் முழு மதிப்பெண் உண்டு. கீழே உள்ளவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று தலைமுறைக்கும் ஒவ்வொரு வரி எழுதுங்கள்.

• பள்ளிக்கு எப்படிப் போனீர்கள்? புத்தகத்தை எதில் எடுத்துப் போனீர்கள்?
• குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? யார் தூக்கி வந்தார்கள்?
• தெருவில் முதல் டிவி யார் வீட்டில்? எத்தனை பேர் பார்த்தீர்கள்?
• சமைத்தது எந்த அடுப்பில்?

அவர்கள் சொன்ன பழைய சொல் ஒன்றையாவது அப்படியே எழுதுங்கள். தூக்குவாளி, பலப்பம், கொடியடுப்பு மாதிரி. பலப்பம் என்றால் என்ன என்று என்னிடம் கேட்காதீர்கள், பாட்டியிடம் கேளுங்கள்.

பகுதி இ (5 மதிப்பெண்)

5. “அது போனதே நல்லது” என்று பெரியவர் சொன்ன ஒன்று எது? ஏன்? (2)
6. “அது இப்போது இல்லையே” என்று அவர் வருத்தப்பட்ட ஒன்று எது? (1)
7. மூன்று தலைமுறையிலும் மாறாமல் இருக்கும் ஒரு பழக்கம் எது? சாப்பாடு, சாமி, விளையாட்டு, கூப்பிடும் பெயர், எதுவாகவும் இருக்கலாம். (2)

திருத்தும் ஆசிரியருக்கு

இரண்டாம் கேள்விக்கு அரை ரூபாய் என்று மட்டும் எழுதினால் 1 மதிப்பெண். 16-இல் பாதி 8 என்று ஏதாவது ஒரு வழியில் காட்டினால் இன்னொன்று. நான்காம் கேள்வியில் பிள்ளை காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். சில வீடுகளில் அம்மி இன்றும் அரைக்கிறது. ஆ, இ பகுதிகளில் எழுத்துப்பிழைக்குக் குறைக்க வேண்டாம். வருடம் சரியா என்றும் பார்க்க வேண்டாம், கேட்டு எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். “அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது” என்று ஒரே வரியில் முடித்திருந்தால் திருப்பிக் கொடுத்து இன்னொரு முறை கேட்டு வரச் சொல்லுங்கள்.

குடும்ப மரம் வரையச் சொல்லவில்லை. போன வருடம் அப்பா பெயரை எழுதும் இடத்தில் ஒரு பிள்ளை அழுதுவிட்டாள். திருத்திய தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள், பாட்டிமார்கள் தங்களுக்கு எத்தனை மார்க் என்று கேட்பார்கள்.