சொத்துவரி அறிவிப்புக்கு அளித்த பதில்மனு: நினைவூட்டுக் கடிதம்

பதிவு அஞ்சல், ஒப்புகை அட்டையுடன்

நாள்: 19.8.2024

அனுப்புநர்
இரா. செல்வநாயகி,
கதவு எண் 27, பிள்ளையார் கோயில் தெரு,
வார்டு 14.

பெறுநர்
நகராட்சி ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

ஐயா,

பொருள்: சொத்துவரி – வரிவிதிப்பு எண் 4172 – வணிகப் பயன்பாடாக மாற்றும் உத்தேச அறிவிப்பு – பதில்மனு அளித்தும் முடிவு தெரிவிக்கப்படாதது – நினைவூட்டல்.

பார்வை:
1. தங்கள் அறிவிப்பு ந.க.எண் 1126/2024/அ2, நாள் 3.6.2024
2. எனது பதில்மனு, நாள் 14.6.2024

என் வீட்டின் தரைத்தளம் கடையாகப் பயன்படுவதாகவும், ஆட்சேபம் இருந்தால் 15 நாட்களுக்குள் தெரிவிக்கலாம் என்றும் பார்வை 1-இல் கண்ட அறிவிப்பு கூறியது. அது என் கைக்கு வந்தது 6.6.2024 அன்று. பதிலை 14.6.2024 அன்றே தங்கள் அலுவலகத் தபால் பிரிவில் நேரில் கொடுத்துவிட்டேன். என் நகலில் அன்றைய தேதி முத்திரையும், வரவு எண் 1847-உம், பெற்றுக்கொண்டவரின் சுருக்கொப்பமும் உள்ளன. மறுநாள் அதே மனுவைப் பதிவு அஞ்சலிலும் அனுப்பினேன். அதன் ஒப்புகை அட்டை அலுவலக முத்திரையுடன் எனக்குத் திரும்பி வந்துள்ளது.

இரண்டு மாதங்கள் கடந்தும் பதில் இல்லை. இதற்கிடையே வரி வசூலிக்க வந்த ஊழியர், "உங்களிடமிருந்து பதிலே வரவில்லை என்றுதான் கோப்பில் இருக்கிறது" என்றார். வாய்மொழியாகச் சொன்னதுதான் என்றாலும், அதை அப்படியே விட்டுவிட இயலாது என்பதால் இதை எழுதுகிறேன். சான்றுகளை இன்னொரு முறை தருவதில் எனக்குத் தயக்கமில்லை; ஆனால் இது புதிய மனுவாகப் பதிவாகி, கெடு கடந்து வந்ததாகக் கருதப்படக் கூடாது.

மனுவின் சாரம் இதுதான்: முன்னறையில் இருந்த தையற்கடை மார்ச் 2021-இலேயே காலி செய்யப்பட்டது. கடைக்கான மின் இணைப்பு ஒப்படைக்கப்பட்டுவிட்டது. இப்போது இருப்பது வீட்டு உபயோகக் கட்டணத்திலுள்ள ஒரே இணைப்பு. எப்போது வேண்டுமானாலும் இடத்தைப் பார்வையிடலாம். நடப்பு முதல் அரையாண்டு வரியை ஏப்ரல் மாதத்திலேயே செலுத்திவிட்டேன். நிலுவை எதுவும் இல்லை.

பொதுமக்களின் குறைதீர் மனுக்களுக்கு 3 நாட்களுக்குள் ஒப்புகை தரவும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காணவும் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் 21.9.2015 நாளிட்ட அரசாணை (நிலை) எண் 99 வலியுறுத்துவதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

எனவே, 14.6.2024 நாளிட்ட என் மனு கெடுவுக்குள் பெறப்பட்டதை எழுத்து மூலம் உறுதிசெய்து, தள ஆய்வு நடத்தி, காரணங்களுடன் கூடிய ஆணையை இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் வழங்க வேண்டுகிறேன். அக்டோபரில் இரண்டாம் அரையாண்டுக் கேட்பு எழும். அதற்குள் முடிவாகாவிட்டால், பழைய வகைப்பாட்டின்படியே வரியை ஏற்கவும் கோருகிறேன். அதன் பின்னும் பதில் இல்லையெனில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கோப்பின் நிலையைக் கேட்டு விண்ணப்பிப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) இரா. செல்வநாயகி

இணைப்பு: முத்திரையிட்ட பதில்மனு நகல், அஞ்சல் ரசீது, ஒப்புகை அட்டை நகல், மின் இணைப்பு ஒப்படைத்த ரசீது, அண்மை மின்கட்டண ரசீது, முதல் அரையாண்டு வரி ரசீது.

நகல்: வருவாய் ஆய்வாளர், வார்டு 14.