பட்டம் வாங்கும் பாப்பாவுக்கு

பாப்பா, இந்நேரம் கோயம்புத்தூரில் அங்கியைப் போட்டுக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருப்பாய். விழா முடிந்து வெளியே வந்ததும் இதைப் படி.

நேரில் வர ரொம்ப ஆசைப்பட்டேன். மேல்காட்டில் பூண்டு பிடுங்கிப் போட்டிருக்கிறது, பூம்பாறையில் ரெண்டு நாளாக மேகம் இறங்கி நிற்கிறது. நனைந்தால் எல்லாம் போய்விடும். அதனால் அம்மாவையும் அப்பாவையும் மட்டும் அனுப்பி வைத்தேன். உன் அம்மா நேற்றே பட்டுப்புடவையைத் தேய்த்து வைத்துவிட்டாள். பத்தாவதோடு நின்றுபோன என் தங்கச்சி இன்று அந்த அரங்கத்தில் உட்கார்ந்து உன் பெயரைக் கேட்கப்போகிறாள். காலையிலிருந்து எனக்கு இதே நினைப்புதான்.

நீ பெரியகுளம் கல்லூரியில் சேர்ந்தபோது ஊரில் சிலர், "பூண்டு போடப் படிப்பு எதுக்கு?" என்றார்கள். முதல் வருஷ லீவில் வந்தாயே, அப்போதே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேராக மேல்காட்டுக்குப் போனாய். அங்கங்கே வி வடிவத்தில் குழி வெட்டி, ஓரத்து மண்ணை ஒரே கனத்துக்குச் செதுக்கி எடுத்தாய். எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர் ரெண்டு பங்கை ஒதுக்கி, மறுபடி கலந்து, அரைக்கிலோ மிஞ்சும்வரை விடவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். இத்தனை வருஷம் நான் மிதித்து நடந்த மண்ணை நீ அவ்வளவு மரியாதையாகக் கையில் அள்ளினாய். மண் பரிசோதனையில் அமிலம் கூடுதல் என்று முடிவு வந்தது. நீ சொன்ன அளவுக்குச் சுண்ணாம்பு போட்டோம். அடுத்த வெள்ளாமையில் பல் திரட்சியாக வந்தது. வடுகபட்டி மண்டியில் மூட்டையைப் பிரித்தவர் "எந்தக் காட்டுப் பூண்டு?" என்று கேட்டார். "எங்க பாப்பா காடு" என்றேன். அப்படிச் சொன்னதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

2019-இல் நம் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே கொண்டாடியது. அதைவிடப் பெரிய நாள் எனக்கு இதுதான்.

அடுத்து என்ன, மேற்படிப்பா, வேலையா என்று இன்று பலரும் கேட்பார்கள். நான் கேட்கமாட்டேன். நீயாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன். எதுவானாலும் எனக்குச் சம்மதம். ஊரில்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. காடு எங்கேயும் போய்விடாது, நானும் இருக்கிறேன்.

இன்று நன்றாகச் சாப்பிடு, தோழிகளோடு சுற்று. அங்கியோடு, அம்மா அப்பா நடுவில் நீ நிற்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து உடனே அனுப்பு. பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டப்போகிறேன், ஆணி அடித்தாயிற்று. அத்தை உனக்காகக் கோழி அடித்துக் குழம்பு வைக்க நாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை வரும்போது கொடைக்கானலில் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். ஜீப்பை எடுத்துக்கொண்டு நானே வந்துவிடுவேன்.

மாமா