ஜூலை ஓடருக்கான கணக்கு, அண்ணாவின் பார்வைக்கு

அண்ணா, நாளைக் காலை 11 மணிக்கு முன் கொம்பனிகளுக்கு ஓடர் சொல்ல வேண்டும், அதனால் இன்றைக்கே உட்கார்ந்து ஜனவரியிலிருந்து ஜூன் 2025 வரையான பில்களை எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டேன். மூன்று சாமானுக்கு மட்டும் எழுதுகிறேன், மற்றவை எல்லாம் வழக்கம் போலத்தான் போகின்றன, கடைசி மூன்று மாதச் சராசரியே போதும்.

பில்லில் உள்ளபடி, பெட்டிக் கணக்கு:

| | ஜன | பெப் | மார்ச் | ஏப் | மே | ஜூன் |
|---|---|---|---|---|---|---|
| மாரி பிஸ்கட் | 410 | 396 | 432 | 655 | 458 | 402 |
| பால்மா 400 கிராம் | 176 | 172 | 180 | 205 | 188 | 121 |
| சலவைச் சவர்க்காரம் | 150 | 154 | 171 | 190 | 204 | 221 |

நகரும் சராசரி என்பது பெரிய வித்தை இல்லை, கடைசி மூன்று மாதத்தைக் கூட்டி மூன்றால் பிரிப்பது, அடுத்த மாதம் வந்ததும் பழைய மாதம் ஒன்றைக் கழற்றிவிட்டுப் புதியதைச் சேர்ப்பது, அவ்வளவுதான். எக்செல்லில் பிஸ்கட் வரியில் இப்படிப் போட்டிருக்கிறேன்:

```
=AVERAGE(E2:G2)
```

பிஸ்கட்டுக்கு இது 505 என்று சொல்கிறது. அந்த 505ஐ நம்பி ஓடர் போட்டால் ஆகஸ்டிலும் ஸ்டோரில் பிஸ்கட் பெட்டிதான் நிற்கும். ஏனென்றால் ஏப்ரல் 655 புத்தாண்டு வியாபாரம், வீட்டுக்கு வீடு வாங்கிப் போனது, ஜூலையில் அது வரப்போவதில்லை. மே 458இல் 40 பெட்டி, கிராண்ட்பாஸில் வெசாக் தன்சலுக்கென்று ஒருவர் ஒரே பில்லில் எடுத்தது. அந்த 40ஐக் கழித்தால் மே 418. ஏப்ரலை விட்டுவிட்டு அதற்குப் பதில் மார்ச்சை எடுத்தேன்: 432, 418, 402. சராசரி 417.

இதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஞாயிறு, போயா, மற்ற லீவுகள் எல்லாம் போக மார்ச்சில் 24 நாள், மேயில் 24, ஜூனில் 23 நாள்தான் லொறி ஓடியது. ஜூலையில் 10ஆம் திகதி எசல போயா ஒன்றுதான், ஆக 26 நாள் ஓடும். நாள் கணக்கில் பார்த்தால் ஒரு நாளைக்கு 17.6 பெட்டி, 26 நாளுக்கு 458. ஆனால் லொறி கூடுதலாக ஓடுகிறது என்பதற்காகச் சனம் கூடுதலாகப் பிஸ்கட் சாப்பிடாது, கடைக்காரர் கொஞ்சம் முன்கூட்டி வாங்கி வைப்பார், அவ்வளவுதான். அதனால் 417க்கும் 458க்கும் நடுவில் 440 என்று வைத்திருக்கிறேன்.

பால்மாதான் என் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. கடைசி மூன்று மாதச் சராசரி 171. போன மாதம் 121தானே விற்றது, 171 தாராளம் என்று நீங்கள் நினைக்கக்கூடும். அண்ணா, 121 நாம் விற்றது, கடைகள் கேட்டது அல்ல. ஜூன் 13 வெள்ளிக்கிழமை பின்னேரம் ஸ்டோரில் பால்மா முடிந்தது, அடுத்த லோட் 23ஆம் திகதிதான் இறங்கியது. இடையில் ஏழு நாள் லொறி பால்மா இல்லாமல் போய் வந்தது. விற்ற 16 நாளில் 121 என்றால் நாளொன்றுக்கு ஏழரைப் பெட்டிக்குக் கொஞ்சம் மேல், 23 நாளும் இருந்திருந்தால் 174 போயிருக்கும்.

இதை இன்னொரு பக்கத்திலிருந்தும் சரிபார்த்தேன். ரெப் தம்பியின் ஓடர் கொப்பியைக் கேட்டு வாங்கினேன். அந்த ஏழு நாளும் கடை கேட்டும் கொடுக்க முடியாத சாமானுக்கு நேராக அவன் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டு எண்ணிக்கை எழுதியிருக்கிறான். கொட்டாஞ்சேனையில் ஒரே பக்கத்தில் ஐந்து வட்டம். எல்லாவற்றையும் கூட்டினால் 47 பெட்டி. 121உடன் 47 சேர்த்தால் 168. ஒரு வழியில் 174, இன்னொரு வழியில் 168, இரண்டும் கிட்டக்கிட்ட வருகிறது, ஆகவே ஜூனை 170 என்று எடுத்துக்கொண்டேன். ஏப்ரல் 205, மே 188, ஜூன் 170, சராசரி 188. ஏப்ரலில் பால்மாவும் கொஞ்சம் ஏறியதுதான், ஆனால் பிஸ்கட் மாதிரி இல்லை, அதோடு கடைகளின் தட்டு இன்னும் முழுதாக நிரம்பவில்லை, அதனால் அதைக் குறைக்கவில்லை. 171ஐ வைத்து ஓடர் போட்டால் திரும்பவும் ஸ்டொக் முடியும், திரும்பவும் விற்பனை குறைவாகப் பதியும், அதைப் பார்த்து ஆகஸ்டுக்கு இன்னும் குறைப்போம். அந்தக் கடைகள் அதற்குள் வேறு ஆளிடம் வாங்கப் பழகிவிடும்.

சவர்க்காரம் வேறு மாதிரி. மட்டக்குளிப் பக்கம் புதுக் கடைகள் சேரச் சேர மார்ச்சிலிருந்து ஏறிக்கொண்டே வருகிறது. மூன்று மாதச் சராசரி 205, ஜூனில் விற்றதே 221! இதே முறையில் முந்திய மாதங்களுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஏப்ரலுக்கு 158 சொல்லியிருக்கும், விற்றது 190. மேக்கு 172, விற்றது 204. ஜூனுக்கு 188, விற்றது 221. மூன்று தடவையும் ஒரே பக்கமாக 32, 32, 33 குறைவு. மேலும் கீழுமாகப் பிழைத்தால் பரவாயில்லை, ஒரே பக்கமாகப் பிழைத்தால் அந்தச் சராசரி பின்னாலேயே இழுபடுகிறது என்று அர்த்தம். அந்த 32ஐச் சேர்த்தால் 237. ஆனால் ஜூலையில் புதுக் கடை எதுவும் சேராது என்று தம்பி சொல்கிறான், ஆகவே அவ்வளவுக்குப் போகாமல் 225.

இனி ஓடர். ஜூலையில் போகும் என்று நினைப்பதோடு கைகாவலுக்குக் கொஞ்சம் சேர்த்து, இன்று மாலை நானே எண்ணிய கையிருப்பைக் கழித்திருக்கிறேன்.

பிஸ்கட்: 440, காவல் 90, கையில் 95. ஓடர் 435.
பால்மா: 188, காவல் 60, கையில் 22. ஓடர் 226.
சவர்க்காரம்: 225, காவல் 30, கையில் 70. ஓடர் 185.

விற்பனையோடு ஒப்பிட்டால் பால்மாவுக்குக் காவல் கூடுதலாக வைத்ததற்குக் காரணம், அந்தக் கொம்பனி சாமான் இறக்க ஒன்பது நாள் எடுக்கிறது, பிஸ்கட் நாலு நாளில் வருகிறது. கையில் 22 பெட்டி என்றால் மூன்று நாளுக்குத்தான் காணும், அதனால் நாளைக்கே போன் எடுத்து முதல் லோடை முந்தி அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். நீங்கள் பேசினால் கேட்பார்கள், நான் பேசினால் இழுப்பார்கள்.

226ஐயும் ஒரே தடவையில் எடுத்துக் காசை முடக்க வேண்டாம். இப்போது 130, மிச்சம் 96 மாத நடுவில். 12ஆம் திகதி சனிக்கிழமையோடு லொறி ஓடிய நாள் 10 ஆகிவிடும், என் கணக்குப்படி அதற்குள் 72 பெட்டி பால்மா போயிருக்க வேண்டும். 85ஐத் தாண்டினால் இரண்டாவது ஓடரைக் கூட்டுவோம், 60க்குக் கீழே நின்றால் குறைப்போம். அன்றைக்குத் தம்பியின் கொப்பியில் எத்தனை வட்டம் விழுந்திருக்கிறது என்பதையும் எண்ணி உங்களுக்கு அனுப்புகிறேன். வட்டம் போடுவதை நிறுத்த வேண்டாம் என்று அவனிடம் நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், எல்லாச் சாமானுக்கும் போடட்டும்.