ஸ்டார்ச் படலங்களின் வலிமையும் மண்ணில் சிதைவும்: வேதியியல் செயல்திட்ட அறிக்கை

நோக்கம்

மக்காச்சோள ஸ்டார்ச்சிலிருந்து செய்த படலம் எவ்வளவு எடை தாங்கும், மண்ணில் எவ்வளவு வேகத்தில் சிதையும் என்று அளப்பதே இந்தச் செயல்திட்டம். தொடங்கும்போது வலிமைதான் கடினமான பகுதி என்று நினைத்தோம். உண்மையில், சிதைவை நேர்மையாக அளப்பதுதான் எங்களை அதிகம் சோதித்தது.

அடிப்படை

ஸ்டார்ச்சில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்ற இரு பலபடிகள் உள்ளன. நீரில் கலக்கிச் சூடாக்கினால் துகள்கள் ஏறக்குறைய 60 முதல் 75 °C-இல் உப்பிக் கூழாகின்றன. உலரும்போது சங்கிலிகள் ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகுவதால் படலம் கண்ணாடி போல நொறுங்கும். கிளிசரால் சேர்த்தால் அது சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அந்தப் பிணைப்புகளைத் தளர்த்துகிறது. படலம் வளையும், கூடவே வலிமையும் குறையும்.

செய்முறை

5 கிராம் ஸ்டார்ச், 100 மில்லி நீர், அதனுடன் கிளிசரால்: அ-வில் 1.0, ஆ-வில் 1.5, இ-யில் 2.0 கிராம். கலக்கிக்கொண்டே 85 °C வரை சூடாக்கி 10 நிமிடம் வைத்து, 15 செ.மீ. சதுரத் தட்டில் ஊற்றி, 40 °C-இல் ஒன்றரை நாள் உலர்த்தினோம். அமிலம் சேர்க்கவில்லை. அது சங்கிலிகளை வெட்டிவிடும், வலிமை குறைந்தால் காரணம் கிளிசராலா அமிலமா என்று பிரித்தறிய முடியாது. தடிமனைத் திருகு அளவியால் ஒவ்வொரு துண்டிலும் ஐந்து இடங்களில் அளந்தோம், சராசரி 0.2 மி.மீ. அளவில் இருந்தது.

வலிமைச் சோதனை

10 மி.மீ. அகலத் துண்டின் மேல்முனையைப் பிடியில் மாட்டி, கீழ்முனையில் வாளியைத் தொங்கவிட்டு, அறும்வரை நீரை மெதுவாக ஊற்றினோம். வாளி, நீர், கீழ்ப்பிடி ஆகியவற்றின் மொத்த எடையிலிருந்து விசை F; துண்டின் குறுக்குப் பரப்பு A; இழுவிசை வலிமை = F / A.

முதல் நாள் எடுத்த 12 அளவீடுகளையும் தள்ளிவிட்டோம். எல்லாத் துண்டுகளும் பிடியின் விளிம்பிலேயே அறுந்தன. பிடி கடித்த இடம் அறுவதை அளந்தால் அது பொருளின் வலிமை ஆகாது. முனைகளில் அட்டை ஒட்டிய பிறகே நடுவில் அறுந்தன. இன்னொரு தொல்லை ஈரம். ஒரே தொகுதித் துண்டுகள் காலையில் ஒரு மதிப்பும் மாலையில் வேறு மதிப்பும் தந்தன. அதனால் பூரித மெக்னீசியம் நைட்ரேட் கரைசல் வைத்த மூடிய பெட்டியில் (25 °C-இல் ஏறக்குறைய 53% ஈரப்பதம்) இரண்டு நாள் வைத்த பிறகே சோதித்தோம்.

எட்டுத் துண்டுகளின் சராசரி: அ 7.2, ஆ 4.4, இ 2.2 மெகாபாஸ்கல். 50 மி.மீ. துண்டு அறுமுன் அ-வில் 53, ஆ-வில் 62, இ-யில் 71 மி.மீ. வரை நீண்டது. ஆ துண்டுகளையே பூரித உப்புக் கரைசல் பெட்டியில் (75% ஈரப்பதம்) வைத்தபோது வலிமை 2.1 ஆகச் சரிந்தது. ஆகவே ஈரப்பதம் குறிப்பிடாத எந்த வலிமை எண்ணையும் ஒப்பிட முடியாது என்பது எங்கள் கருத்து.

சிதைவுச் சோதனை

ஆ படலத்தை 4 செ.மீ. சதுரங்களாக வெட்டி, 50 °C-இல் எடை மாறாத நிலைவரை உலர்த்தி எடைபோட்டு, நைலான் வலைப்பையில் ஈர மண்ணில் புதைத்தோம். எடையிழப்பு 7 நாளில் 31%, 14 நாளில் 49%, 21 நாளில் 68%. 28-ஆம் நாள் பையில் மண்ணோடு ஒட்டிய துணுக்குகளே மிஞ்சின, அவற்றை எடைபோடவில்லை. உடன் புதைத்த பாலித்தீன் துண்டின் எடை மாறவேயில்லை.

31% என்ற முதல் வார எண் எங்களுக்கு மகிழ்ச்சியைவிடச் சந்தேகத்தையே தந்தது. கிளிசரால் நீரில் கரையும். நுண்ணுயிர் எதுவும் தொடாமலேயே அது மண்ணீரில் வெளியேறலாமே? அதனால் நீராவி அழுத்தக் கலத்தில் இருமுறை கிருமிநீக்கிய மண்ணில் இன்னொரு தொகுதியைப் புதைத்தோம். அங்கே இழப்பு 7 நாளில் 22%, 21 நாளில் 26%. அதன்பின் மேலே போகவில்லை. ஆ படலத்தின் உலர் எடையில் கிளிசராலின் பங்கு 1.5 / 6.5, அதாவது 23%. இரண்டு எண்களும் இவ்வளவு நெருங்கியிருப்பதைக் கண்டபோது, முதல் வாரத்து இழப்பின் பெரும்பங்கு கரைவே என்று தெளிந்தோம்.

கிளிசரால் முழுதும் வெளியேறியதாகக் கொண்டால், 21 நாளில் உயிருள்ள மண் தின்ற ஸ்டார்ச் (68 − 23) / 77, அதாவது 58%. கிருமிநீக்கிய மண்ணில் அதே கணக்கு 4% மட்டுமே. அயோடின் சொட்டு இதையே காட்டியது: கிருமிநீக்கிய மண்ணிலிருந்து வந்த துண்டு முழுதும் கருநீலம், மற்றதில் ஓட்டைகளின் ஓரங்கள் வெளிறி, நடுவில் மட்டும் நிறம். நுண்ணுயிர்களின் அமைலேஸ் நொதி அந்த ஓரங்களில் சங்கிலிகளை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

பயன்பாட்டு எல்லை

பைக்கு மாற்றாக இதைப் பரிந்துரைக்க முடியாது. நீரில் 5 நிமிடம் ஊறிய ஆ துண்டு 20 கிராம் எடையைக்கூடத் தாங்காமல் அறுந்தது. உலர்ந்த பொருள்களைப் பொதிய ஆ கலவை போதும். அடுத்த கட்டமாக, படலத்தின் ஒரு பக்கம் மட்டும் தேன்மெழுகு பூசி, அதே இரண்டு மண்களிலும் 21 நாள் புதைக்கத் துண்டுகள் வெட்டி வைத்திருக்கிறோம்.